ஒரு வாய்த் தண்ணீரும் ஒரு வாய்ச்சொல்லும்

நாம் தொண்டு செய்யும் மருத்துவமனையில் ஆண்டுதோறும் புதிய தொண்டர்கள் சேர்கிறார்கள். கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், பிள்ளைகளை மணமுடித்துக் கொடுத்துவிட்டு வீட்டில் தனித்திருக்கும் தாய்மார் எனப் பலதரப்பட்டோர் அவர்கள். வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் நோயாளரோடு இருக்க முன்வந்தவர்கள். முதல் நாள் மாலையில் அவர்களுக்கு வழிகாட்டிப் பேசும் பொறுப்பு சில ஆண்டுகளாக நம்மிடம் இருந்து வருகிறது. "நாங்கள் என்னென்ன செய்யலாம்?" என்று அவர்கள் ஆவலோடு கேட்கிறார்கள். நாமோ என்னென்ன செய்யவே கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறோம். சிலருடைய முகம் அப்போதே வாடிவிடுகிறது.

அன்பு செய்ய வந்தவரிடம் விலக்குகளை எடுத்துச் சொல்வது ஏன்? கெட்ட எண்ணத்தோடு எவரும் இந்த வேலைக்கு வருவதில்லை. அவ்வாறாயின் நம்முடைய கேள்வி இதுதான்: நல்ல மனத்தோடு செய்த செயலால் நோயாளருக்குத் தீங்கு விளைந்தால், அதற்கு நல்ல மனம் போதிய மறுமொழி ஆகுமா? இதற்கு விடை தேட இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல விரும்புகிறோம். ஒன்று தண்ணீர் பற்றியது. மற்றது சொல் பற்றியது. நோயாளர் யாரென்று எவரும் கண்டுகொள்ளாதவாறு வயது, இடம் முதலிய விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.

முதல் நிகழ்ச்சி அறுவைச் சிகிச்சை வார்டில் நடந்தது. பித்தப்பைக் கற்களுக்காக அறுவை செய்யப்படவிருந்த பெரியவர் ஒருவர் காலை ஒன்பது மணிக்குப் படுக்கையில் காத்திருந்தார். பத்து மணிக்கு அவருடைய முறை. முந்தின இரவு எட்டு மணிக்கு உண்டவர். அதன்பின் ஒன்றும் உட்கொள்ளவில்லை. நா வறண்டு, "தம்பி, ஒரு வாய்த் தண்ணீர் கொடப்பா" என்று அவ்வழியே வந்த புதிய தொண்டரிடம் கேட்டார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அந்த இளைஞர் அரை டம்ளர் தண்ணீரைத் தலையைத் தாங்கிப் பருகக் கொடுத்தார். தாகமாய் இருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தோம் என்ற நிறைவோடு அடுத்த படுக்கைக்குச் சென்றார்.

அந்தப் பெரியவரின் கட்டிலில், வாய்வழி ஒன்றும் தரலாகாது என்று எழுதிய சிறு அட்டை தொங்கிக் கொண்டிருந்தது. இளைஞர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அதன் காரணம் அவருக்குத் தெரிந்திராது. நாம் விழித்திருக்கும்போது உணவோ நீரோ வழிதவறி மூச்சுக்குழாயில் நுழைந்தால் புரையேறுகிறது. இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். மயக்க மருந்து கொடுத்தபின் இந்தக் காவல் உறங்கிவிடுகிறது. வயிற்றில் உள்ளது மேலேறி வந்தால், தடுப்பாரின்றி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வயிற்றின் அமிலத்தோடு கலந்த நீர் நுரையீரலைப் புண்ணாக்கும். அதனால் உயிரே போவதும் உண்டு. இதற்காகவே திட உணவை அறுவைக்குக் குறைந்தது 6 மணி நேரம் முன்பும், தெளிந்த தண்ணீரைக் குறைந்தது 2 மணி நேரம் முன்பும் நிறுத்திவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் பொது விதி. பால் கலந்த தேநீரும் காப்பியும் தண்ணீர்க் கணக்கில் சேரா; அவை உணவைப் போலவே 6 மணி நேரக் கணக்கில் சேரும். "சோறா கொடுத்தோம், டீதானே!" என்று சொல்லும் உறவினர்கள் அறியாத செய்தி இது.

அன்று நிகழ்ந்த நன்மை ஒன்றே. சற்று நேரத்தில் செவிலியர் அந்தக் கட்டிலுக்கு வந்தபோது, தண்ணீர் டம்ளரைப் பார்த்து, யார் கொடுத்தது என்று கேட்டார். இளைஞருக்கு உள்ளூர நடுக்கம். பெரியவரோ அவரைக் காப்பாற்ற எண்ணி, "வாய்தான் கொப்பளித்தேன்" என்றார். அந்தக் கணத்தில் இளைஞர் முன்வந்து, "நான்தான் கொடுத்தேன். அரை டம்ளர். ஒன்பது மணி பத்து நிமிடம் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். மயக்க மருந்து தரும் மருத்துவருக்குச் செய்தி போயிற்று. பெரியவரின் முறை மூன்றாவதாகத் தள்ளி வைக்கப்பட்டது. பிற்பகலில் அறுவை நலமாக முடிந்தது. அந்த டம்ளரில் இருந்தது தேநீராக இருந்திருந்தால் அன்று அறுவையே நடந்திராது. கூலி வேலையை விட்டு வந்து வெளியே காத்திருந்த மகன் மறுநாளும் காத்திருக்க நேர்ந்திருக்கும். இளைஞர் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறோம்.

பக்கவாதத்தால் தாக்குண்டவரிடம் இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. அவர்களுள் பலருக்கு விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கும். தண்ணீர் கொடுத்தபின் இருமல் வந்தாலோ, குரல் நீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் களகளவென்று மாறினாலோ, வழிதவறிச் சென்றிருக்கிறது என்று அறியலாம். ஆயினும் சிலரிடம் தொண்டையின் உணர்ச்சியே மங்கியிருப்பதால் இருமலும் வராது, முகமும் மாறாது. பருகிவிட்டு நன்றியோடு புன்னகைப்பார்கள். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் நிமோனியாவும் தலைகாட்டும். தண்ணீர் கொடுத்தவர் அதற்குள் வீட்டில் இருப்பார். தம் கையால் விளைந்தது இது என்று ஒருபோதும் அறியமாட்டார். ஆகவே "பார்த்துக் கொடுக்கிறேன், ஒன்றும் ஆகாது" என்று சொல்ல நமக்கு வழியில்லை. பார்த்தால் தெரியாத தீங்கு இது.

இதனால் நாம் வகுத்திருக்கும் விதி மிகச் சிறியது. எந்த நோயாளருக்கும், எந்த வேளையிலும், செவிலியரிடம் கேட்காமல் ஒரு சொட்டும் ஒரு கவளமும் கொடுக்கக் கூடாது. செவிலியர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்டறிந்து நோயாளரிடம் திரும்பிப் போக வேண்டும். கேட்கப் போனவர் திரும்பாமல் இருந்துவிடுவதே நோயாளரை அதிகம் வருத்துகிறது. "ஐயா, இன்னும் ஒரு மணி நேரத்தில் உங்களைக் கூப்பிடுவார்கள். அதுவரை தண்ணீர் கூடாதாம். உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம் என்கிறார்கள், துடைக்கட்டுமா?" என்று சொல்லி அருகில் அமர்வதற்கு ஒரு மனிதர் வேண்டும். தாகத்தைத் தீர்க்க முடியாதபோது தாகத்தோடு இருப்பவரின் அருகில் இருப்பது, டம்ளரை நீட்டுவதைவிடக் கடினமான அன்பு. தவறிக் கொடுத்துவிட்டாலோ, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும்.

இனி இரண்டாவது நிகழ்ச்சி. இதில் தவறு செய்தவர் வேறு எவருமல்லர், நாமே. தொண்டுக்கு வந்த முதலாண்டில் நடந்தது.

ஒரு நாள் மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில், காசநோய்ப் பிரிவின் வாசலில், நம் பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் அமர்ந்திருக்கக் கண்டோம். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக் கொண்டார். நாமும் பார்க்காதவர்போல் கடந்து சென்றோம். அதுவரை சரியாகவே நடந்துகொண்டோம். அந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டு நேரம் வந்தபோது, அவர் மேல் கொண்ட இரக்கத்தால் மனம் நிறைந்து, அவர் பெயரைச் சொல்லி, "உடல்நலம் குன்றியிருக்கிறார், அவருக்காக வேண்டிக்கொள்வோம்" என்றோம். நோயின் பெயரைச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபின் ஒருவர், "எங்கே பார்த்தீர்கள்?" என்றார். "நம் ஆசுபத்திரியில்தான்." "எந்தப் பக்கம்?" நாம் தயங்கினோம், தயங்கிவிட்டு, "அந்தக் கடைசித் தாழ்வாரத்தில்" என்றோம். அந்தத் தாழ்வாரத்தில் இருப்பது ஒரே பிரிவுதான் என்பதை ஊரில் அறியாதவர் இல்லை.

மன்றாட்டு மூன்றே நாளில் செய்தியாகிவிட்டது. இக்காலத்தில் அதற்குத் தெருமுனையும் தேவையில்லை. அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் வேண்டுதலாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவருடைய மகளுக்கு அப்போது வரன் பார்த்துக் கொண்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் பிறகு வரவில்லை. அவர் வேலை செய்த வீட்டில் இனி வர வேண்டாம் என்றார்கள். இவற்றைவிடக் கொடியது ஒன்று பின்னர் நடந்தது. நாம் தொண்டுக்கு வரும் நாளிலும், பின்னர் எந்த நாளிலும், அவர் அந்தப் பிரிவுக்கு வரவில்லை.

காசநோயைப் பற்றிச் சிறிதளவேனும் அறிந்தவருக்கு இதன் பொருள் புரியும். சாதாரணக் காசநோய்க்கு 6 மாத காலம் மருந்து உட்கொள்ள வேண்டும். சரியான மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் சில வாரங்களிலேயே பெரும்பாலோர் பிறருக்கு நோயைப் பரப்பும் நிலையைக் கடந்துவிடுகிறார்கள். இருமலும் தணிந்து உடம்பும் தேறுகிறது. நோய் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதால் மீதி மாதங்களிலும் மருந்து தொடர வேண்டும். இடையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறக்கூடும். அப்படி மாறிவிட்டால் சிகிச்சை கடினமாகிறது. அதே அடங்காத நோய் அவரிடமிருந்து வீட்டாருக்கும் பரவலாம். நோய் தொற்றும் என்று அஞ்சி அவரை ஒதுக்கியவர்கள், அந்த ஒதுக்கலாலேயே தொற்றும் வாய்ப்பை வளர்த்தார்கள். அதற்குக் கதவு திறந்துவிட்டவர் நாம். நோயாளரின் மறைவைக் காப்பது நாகரிகம் மட்டுமே என்று எண்ணியிருந்த நமக்கு, அது சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அன்று விளங்கிற்று. பேசப்படுவோம் என்று அஞ்சுகிற நோயாளர் மருந்துக்கு வரமாட்டார்.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். நாம் சொன்னது பொய்யா? இல்லை. பகையால் சொன்னோமா? அதுவும் இல்லை, இறைவனிடம் வேண்டுவதற்காகவே சொன்னோம். பிறகு எது தவறு? அறநெறி இயலார் மறைபொருளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். வெளியிட்டால் பிறருக்குத் தீங்கு வரும் என்பதாலேயே காக்க வேண்டியது ஒன்று. காப்பேன் என்று வாக்களித்ததால் காக்க வேண்டியது மற்றொன்று. ஒரு பணியின் பொருட்டு நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டது மூன்றாவது. மூன்றாவதற்கே கடமை மிகுதி. அந்தப் பெண்மணி நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லையே, எதை ஒப்படைத்தார் என்று கேட்கலாம். அவர் நம்மை நம்பி அங்கே வரவில்லை. மருத்துவமனையை நம்பி வந்தார். அந்த நம்பிக்கைக்குள்ளே நாம் நுழைந்தது நம் சட்டையில் குத்தியிருந்த தொண்டர் அட்டையால். அந்த அட்டை இல்லாவிடில் அத்தாழ்வாரத்தில் நமக்கு வேலையில்லை. அவரைக் கண்டிருக்கவும் மாட்டோம். ஆகவே கண்ணில் பட்டதும் ஒப்படைக்கப்பட்டதே.

நம் திருச்சபைச் சட்டத்தில் இதை ஒத்த ஒரு நுட்பம் உண்டு. ஒப்புரவு அருளடையாளத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடனிருக்க நேர்ந்தால், அவரும் கேட்டதை மறைத்துக் காக்கக் கடமைப்பட்டவர். எவ்வகையிலேனும் அதை அறிய நேர்ந்த பிறரும் அவ்வாறே. அவர்கள் யாரும் குருவல்லர். இருந்தும், அந்த அறிவு எந்த வாசல் வழியே வந்ததோ அந்த வாசலின் கடமை அவர்களையும் பற்றிக்கொள்கிறது. மருத்துவமனைத் தொண்டரும் மருத்துவர் அல்லர், செவிலியர் அல்லர். ஆயினும் வார்டில் அறிந்ததெல்லாம் வார்டின் கடமையோடுதான் அவரிடம் வந்து சேர்கிறது.

ஆதலால் வேண்டுதலுக்காகவும் பெயர் சொல்லக் கூடாது. நோயாளர் தாமே கேட்டுக்கொண்டால் ஒழிய, இன்னார் மருத்துவமனையில் இருக்கிறார் என்ற செய்திகூட நம்முடையதன்று. பெயர் சொல்லாவிட்டால் இறைவனுக்கு ஆள் தெரியாமல் போய்விடுமோ! கட்டிலில் தொங்கும் கேஸ் ஷீட்டைப் புரட்டுவது, மூடிய திரையை விலக்குவது, வார்டுக்குள் கைப்பேசியில் படம் எடுப்பது ஆகியவையும் இதே தவற்றின் வேறு வடிவங்கள். நம்மோடு நிற்கும் தொண்டரைப் படம் எடுத்தாலும் பின்னால் ஒரு கட்டில் இருக்கும். கட்டிலில் ஒரு முகம் இருக்கும்.

ஊரார் கேட்கும்போது என்ன சொல்வது என்று புதியவர்கள் எப்போதும் வினவுகிறார்கள். "இன்னாரை அங்கே பார்த்தாயா?" என்று கேட்டால், பொய்யும் சொல்லலாகாது, உண்மையும் சொல்லலாகாது. இதற்கு ஒரே வழி, எவரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே விடையைச் சொல்வது: "அங்கே யாரைப் பார்த்தோம், பார்க்கவில்லை என்று நாங்கள் பேசுவதில்லை." அங்கே இல்லாதவரைப் பற்றிக் கேட்கும்போது "அவர் இல்லையே" என்றும், இருப்பவரைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் "சொல்லக் கூடாது" என்றும் விடை தந்தால், அந்த மறுப்பே ஒப்புதலாகிவிடும். நலமடைந்து போனவரைச் சந்தையிலோ கோயிலிலோ கண்டால், நாம் முந்திக்கொண்டு நலம் விசாரிக்கவும் கூடாது. அவர் முகத்தில் முதலில் அறிமுகம் மலரட்டும். மலராவிட்டால், கடந்து செல்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

இவ்வளவும் சொன்னபின், மறைத்துக் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. தொண்டர்கள் மிக எளிதாகச் சிக்கிக்கொள்ளும் இடம் அது. ஒரு நாள் பேச்சுக்கிடையே நோயாளர் கையைப் பற்றிக்கொண்டு, "ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்பார். நம்மேல் கொண்ட நம்பிக்கையை எண்ணி உள்ளம் குளிர்ந்து, உடனே சத்தியம் செய்துவிடத் தோன்றும். ஒருபோதும் செய்யக் கூடாது. வரப்போவது, இன்றிரவு உயிரை மாய்த்துக்கொள்ளச் சேர்த்து வைத்திருக்கும் மாத்திரைகளைப் பற்றியதாய் இருக்கலாம். ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையாய் இருக்கலாம். அக்கொடுமை பாலியல் குற்றமாயின், அறிந்தவர் எவராயினும் புகார் செய்தாக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சத்தியத்தைக் காத்தால் ஓர் உயிர் போகலாம். மீறினால் நம்பியவரை ஏமாற்றியதாகும். எனவே அவர் வாய் திறக்குமுன்பே சொல்லிவிட வேண்டும்: "அம்மா, நீங்கள் சொல்வதை வெளியே யாரிடமும் பேச மாட்டேன். ஆனால் உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் சிஸ்டரிடம் மட்டும் சொல்லியாக வேண்டும். இது தெரிந்தபின் சொல்ல விருப்பமானால் சொல்லுங்கள்." சொல்லக் கேட்டால், அந்தப் பணிநேரம் முடியுமுன், அவரைக் காக்கக் கூடியவரிடம் சொல்ல வேண்டும். காக்க வேண்டியவரிடம் சொல்வது பொறுப்பு. கேட்க ஆவலாய் இருப்பவரிடம் சொல்வது புறங்கூறல்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரே வேர் தெரிகிறது. இளைஞர் தண்ணீர் கொடுத்தபோதும், நாம் பெயர் சொன்னபோதும், பிறர் துன்பத்தைக் கண்டு நம் உள்ளே எழுந்த பதைப்பை உடனே தணித்துக்கொள்ள விரைந்தோம். இரக்கம் உண்மையானதே. அந்த இரக்கம் ஒரு கேள்வி கேட்க நிற்கவில்லை. செவிலியரிடம், "கொடுக்கலாமா?" அந்தப் பெண்மணியிடம், "உங்களுக்காக வேண்டச் சொல்லட்டுமா?" இரண்டே சொற்களில் முடிந்திருக்கும். கேட்டறிய வழியிருந்தும் கேட்காமல் செய்ததற்கு நல்ல மனம் மறுமொழியாகாது என்றே எண்ணுகிறோம்.

மருத்துவமனையில் படுத்தவரிடம் மிஞ்சியிருப்பது சிறிது. உடை அவருடையதன்று, உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் பிறர் குறிப்பவை, அந்நியர் கை உடம்பைத் தொடுகிறது. தம் கதையை யாருக்குச் சொல்வது, அருகில் யாரை அமரவிடுவது என்னும் இரண்டும் அவர் கையில் எஞ்சியவை. "உட்காரலாமா, ஐயா?" என்று கேட்பதும், அவர் வேண்டாம் என்றால் முகம் கோணாமல் விலகுவதும், அந்த எஞ்சியதை அவருக்கே விட்டுக் கொடுப்பதாகும். நாள் முழுவதும் அவர் வேண்டாம் என்று சொல்லக் கூடிய ஒரே ஆள் தொண்டராகவே இருக்கக் கூடும். யாயீரின் வீட்டில் நம் ஆண்டவர் என்ன செய்தார் என்று எண்ணிப் பார்க்கிறோம். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் உடன் வந்த சீடரையும் மட்டும் அழைத்துக்கொண்டு சிறுமி கிடந்த இடத்துக்குள் சென்றார். அவள் எழுந்தபின் நடந்ததை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கட்டளையிட்டார்; அவளுக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார். சொல்லக் கூடாததையும் கொடுக்க வேண்டியதையும் அவர் பிரித்தறிந்தார்.

அந்தப் பெரியவருக்கு அன்று மாலை செவிலியர் அனுமதித்தபின், சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்தவர் அதே இளைஞர்தான். இன்றும் தொண்டுக்கு வருகிறார். அந்தப் பெண்மணி வேறு ஊரில் மருந்தைத் தொடர்ந்தாரா, நலமடைந்தாரா என்பது நமக்குத் தெரியாது. பதிவேட்டைப் பார்த்து அறிந்து சொல்லுமாறு அலுவலகத்தில் கேட்க ஒருமுறை மனம் உந்தியது. கேட்கவில்லை. அந்த விடையை அறிய வேண்டும் என்ற விருப்பம் நம்முடையது, விடையோ அவருடையது.